டேங்க் தண்ணீரும் ஒரு இன்டர்ன்ஷிப் மெயிலும்

எங்கள் வீடு வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு பிளாக்கில் மூன்றாவது மாடி. கீழே பிளாக்குக்குப் பொதுவாக ஒரு கறுப்பு டேங்க் இருக்கிறது, 2,000 லிட்டர். மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். தண்ணீர் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று மேலிருந்து தெரியாது. அம்மா குடத்தோடு இறங்கிப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, வெறும் குடத்தோடு ஏறி வந்த நாட்கள் நிறைய. ஆறாவது செமஸ்டரில் மினி ப்ராஜெக்ட் செய்யச் சொன்னபோது, அந்த டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் காட்டலாம் என்று எங்கள் பேட்சில் மூன்று பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் அது மார்க்குக்காகச் செய்ததுதான். அதைப் பற்றி ஒரு மெயிலில் எப்படி எழுத வேண்டும் என்று கற்றுக்கொள்ள எனக்கு மேலும் ஆறு மாதம் ஆனது.

நான் இ.சி.இ. இறுதியாண்டு. ஏழாவது செமஸ்டர் நடந்துகொண்டிருந்த அக்டோபரில் இன்டர்ன்ஷிப் தேட ஆரம்பித்தேன். எட்டாவது செமஸ்டரில் எங்களுக்கு ப்ராஜெக்ட் மட்டும்தான், வகுப்புகள் கிடையாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை முழுநேரம் எங்காவது போகலாம். நான் எங்கும் வேலை பார்த்ததில்லை. சொந்தத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் யாரும் இல்லை. அதனால் மெயில்தான் ஒரே வழி.

முதலில் அனுப்பிய மெயில் இது. ஆங்கிலத்தில்தான் எழுதினேன், இங்கே தமிழில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், நான் இறுதியாண்டு இ.சி.இ. படிக்கிறேன். புதியவற்றைக் கற்பதில் மிகுந்த ஆர்வமும் கடின உழைப்பும் உடையவள். உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய வாய்ப்பு அளித்தால் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பேன். என் ரெஸ்யூமை இணைத்துள்ளேன். நன்றி."

இதை முப்பது கம்பெனிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் மூன்று பதில்கள் வந்தன. மூன்றிலும் பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்டார்கள். கட்டினால் சான்றிதழ் உறுதி என்றும் எழுதியிருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுப்பதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மூன்றையும் விட்டுவிட்டேன். மற்ற இருபத்தேழு இடங்களிலிருந்து எதுவும் வரவில்லை.

எங்கள் பிளாக்கில் முதல் மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். சின்னக் கம்பெனி ஒன்றில் பத்து வருடமாக அலுவலக வேலை பார்க்கிறார். கம்பெனிக்கு வரும் மெயில்களைப் பிரித்து யார் யாருக்குப் போக வேண்டுமோ அனுப்புவது அவர்தான். அவரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"இன்னாமா எழுதி வெச்சிருக்க? இதுல உன் பேர எடுத்துட்டு உன் பக்கத்துல ஒக்காருறவன் பேரப் போட்டா கூட செட்டாவுதே" என்றார். அப்புறம் கேட்டார், "நீ அந்த டேங்க்ல ஒயரு கியருலாம் வுட்டு இன்னாவோ பண்ணியே, அது எங்க இதுல?"

ரெஸ்யூமில் இருக்கிறது என்றேன். "ரெஸ்யூம யாரு தொறக்கப் போறாங்க? மெயில்ல இஷ்டப்பட்டாத்தான் தொறப்பாங்க" என்றார்.

ரெஸ்யூமில் அந்த ப்ராஜெக்ட் எப்படி இருந்தது என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். 'ஐஓடி அடிப்படையிலான ஸ்மார்ட் நீர்மட்டக் கண்காணிப்பு அமைப்பு உருவாக்கப்பட்டது.' ஒரே வரி. அந்த வரியில் டேங்கும் இல்லை, நானும் இல்லை. அதைவிடக் கஷ்டமான விஷயம் அடுத்த நாள் தெரிந்தது. எங்கள் பேட்சில் இருந்த பையனும் அதே வரியை அப்படியே வைத்து, நான் அனுப்பிய கம்பெனிகளில் நான்கைந்துக்கு அனுப்பியிருந்தான். வாசிப்பவருக்கு ஒரே ப்ராஜெக்டை இரண்டு பேர் தன்னுடையது என்று சொல்வது போல இருந்திருக்கும்.

ஆகவே மெயிலை விட்டுவிட்டு, அந்த ப்ராஜெக்டில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதினேன். மெயிலுக்குத் தேவையானது எல்லாம் அதிலிருந்துதான் வந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேங்க் மூடியில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பும், ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் வாங்கியது எல்லோரும் வாங்கும் HC-SR04. மூடிக்கு அடியில் எப்போதும் நீராவி வியர்த்துக்கொண்டே இருக்கும். மூன்று நாளில் அது வாய்க்கு வந்த எண்ணைக் காட்ட ஆரம்பித்தது. அப்புறம் தண்ணீர் புகாத முனை உள்ள JSN-SR04T வாங்கினோம். அதில் வேறு சிக்கல். முனையிலிருந்து சுமார் 25 செ.மீ.க்குள் இருப்பதை அதனால் அளக்க முடியாது. டேங்க் நிறையும்போது தண்ணீர் மூடி வரை வந்துவிடுமே. அதனால் மூடியின் மேல் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை நிறுத்தி, அதன் தலையில் சென்சாரை வைத்து உயர்த்தினோம். இந்தக் குழாய் வேலை முழுக்க அந்தப் பையன் செய்தது.

என் பகுதி ESP32 போர்டும் நிரலும். ஏப்ரல் கடைசியில் ஒரு விஷயம் கவனித்தேன். மதியம் பன்னிரண்டரைக்கு மேல், யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில், லாரியும் வராத நேரத்தில், போனில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. சாயங்காலம் மெதுவாக இறங்கியது. நிரலில்தான் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். தப்பு காற்றில் இருந்தது. ஒலியின் வேகம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். நான் நிரலில் நொடிக்கு 343 மீட்டர் என்று ஒரே எண்ணைப் போட்டிருந்தேன். அது 20 டிகிரிக்கு உரியது. வெயிலில் கறுப்பு டேங்கின் மூடிக்கு அடியில் காற்று 45 டிகிரிக்குப் போய்விடுகிறது. அப்போது ஒலி வேகமாக ஓடி எக்கோ சீக்கிரமே திரும்பிவிடும். தண்ணீர் பக்கத்தில் இருப்பதாக நிரல் நினைத்துக்கொள்ளும். உண்மையில் தண்ணீர் 100 செ.மீ. கீழே இருந்தால் அது 95.7 செ.மீ. என்று காட்டும். எங்கள் டேங்கின் விட்டத்துக்கு அந்த 4.3 செ.மீ. என்பது கிட்டத்தட்ட 57 லிட்டர். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால் இல்லாத நான்கு குடம் தண்ணீர்.

DS18B20 என்ற வெப்பநிலை சென்சார் ஒன்றைச் சேர்த்து, நிரலில் இரண்டு வரி மாற்றினேன்:

```c
float v  = 331.3 + 0.606 * tempC;
float cm = echo_us * v / 20000.0;
```

அப்புறம் செ.மீ. குறித்த ஒரு மரக்கோலை டேங்குக்குள் விட்டு, காலை, மதியம், மாலை என்று 60 தடவை ஒப்பிட்டேன். அதிகபட்ச வித்தியாசம் 1.5 செ.மீ. லாரி தண்ணீரைக் கொட்டும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் அளவு தாறுமாறாக வந்தது. அதைச் சரிசெய்ய முடியவில்லை, நேரமும் இல்லை.

இவ்வளவும் நடந்திருக்கிறது, நான் எழுதியதோ 'உருவாக்கப்பட்டது' என்று ஒரு வரி.

அடுத்து, யாருக்கு அனுப்புவது. முப்பது கம்பெனிக்கு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிட்டு, நான் செய்ததற்குப் பக்கத்து வேலையைச் செய்பவர்கள் யார் என்று தேடினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிற்சாலைத் தொட்டிகளுக்கு லெவல் டிரான்ஸ்மிட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி கிடைத்தது. அவர்களுடைய பொருள்களின் டேட்டாஷீட் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. அதை இறக்கி உட்கார்ந்து படித்தேன். இரண்டு பக்கம்தான். அதில் ஒரு வரி: வெப்பநிலைத் திருத்தம் உள்ளேயே இருக்கிறது. இன்னொரு வரி: இவ்வளவு தூரத்துக்குள் அளக்க முடியாது. எங்கள் டேங்க் மூடியில் நான் இரண்டு மாதம் பட்ட அதே இரண்டு பாடு. அந்த இரண்டு வரியைப் பார்த்த நிமிடத்தில் மெயிலின் முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது.

இப்படி நான்கு கம்பெனிகளுக்கு நான்கு மெயில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயங்காலம் ஆனது. அம்பத்தூர் கம்பெனிக்கு எழுதியதை முழுதாகத் தருகிறேன், இதுவும் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ்தான்.

தலைப்பு: "இன்டர்ன்ஷிப், ஜனவரி–ஏப்ரல்: அல்ட்ராசோனிக் லெவல் சென்சார் ப்ராஜெக்ட் செய்த இறுதியாண்டு இ.சி.இ. மாணவி"

"வணக்கம் சார்,

உங்கள் அல்ட்ராசோனிக் லெவல் டிரான்ஸ்மிட்டரில் வெப்பநிலைத் திருத்தம் உள்ளேயே இருப்பதாக டேட்டாஷீட்டில் படித்தேன். அந்தத் திருத்தம் இல்லாத ஒரு சென்சாரை எங்கள் குடியிருப்பின் 2,000 லிட்டர் டேங்கில் வைத்து, மதிய வெயிலில் 4 செ.மீ. வரை தவறு வருவதை நான் அளந்திருக்கிறேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை உங்கள் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் இன்டர்னாகச் சேர விரும்புகிறேன்.

ப்ராஜெக்டை மூன்று பேர் செய்தோம். என் பங்கு ESP32 நிரலும் அளவுச் சோதனையும். வெப்பநிலை சென்சார் ஒன்றைச் சேர்த்து ஒலியின் வேகத்தைத் திருத்தினேன். மரக்கோலால் 60 முறை ஒப்பிட்டதில் அதிகபட்ச வித்தியாசம் 1.5 செ.மீ. டேங்க் நிரம்பிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் அலைவதால் அளவு இன்னும் சரியாக வருவதில்லை.

எக்கோவின் நேரத்தை அளக்க மைக்ரோகண்ட்ரோலர் பாடத்தில் படித்த டைமரையும் இன்டரப்டையும் பயன்படுத்தினேன். தவறான எக்கோக்களை நீக்க, டி.எஸ்.பி. பாடத்தில் படித்த மீடியன் ஃபில்டரை ஏழு அளவுகளுக்குப் போட்டேன். சொந்தமாக பி.சி.பி. வடிவமைத்ததில்லை, எங்கள் சர்க்யூட் பொதுப் பலகையில் சால்டர் செய்தது.

எட்டாவது செமஸ்டரில் வகுப்புகள் இல்லாததால் திங்கள் முதல் வெள்ளி வரை முழுநேரம் வர முடியும். கல்லூரியின் அனுமதிக் கடிதம் தருகிறேன். வீடு வியாசர்பாடி, பட்டரவாக்கத்துக்கு நேரடி ரயில் உண்டு. சென்சார் வேலை செய்யும் 40 நொடி வீடியோவின் லிங்க் கீழே இருக்கிறது. ஒரு பக்க ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன்."

கீழே பெயர், கல்லூரி, போன் எண். அவ்வளவுதான்.

இதில் சில இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் முதலில் தப்பாக எழுதித்தான் மாற்றினேன்.

முதல் வாக்கியத்தை நான் யார் என்று தொடங்காமல் அவர்களுடைய பொருளில் தொடங்கினேன். அக்கா இதைப் படித்துவிட்டு, இந்த மெயில் தன்னிடம் வந்திருந்தால் அழிக்காமல் நேராக இன்ஜினீயருக்கு அனுப்பியிருப்பேன் என்றார். அது ஒரு நல்ல அளவுகோல். சின்னக் கம்பெனிகளில் பொது மெயிலை முதலில் திறப்பவர் பெரும்பாலும் இன்ஜினீயராக இருக்க மாட்டார். அவருக்கு எல்லாம் புரிய வேண்டும் என்பதில்லை. இது யாருக்குப் போக வேண்டும் என்று புரிந்தால் போதும். தலைப்பும் அதற்காகத்தான். போனில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். முதலில் நான் 'இறுதியாண்டு மாணவியின் பணிவான விண்ணப்பம்' என்று போட்டிருந்தேன். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பது வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

பாடங்களைப் பற்றிய பத்தியில்தான் எனக்கு அதிகச் சிரமம். பழைய ரெஸ்யூமில் பதினெட்டுப் பாடங்களின் பெயரை, கல்லூரி தந்த பாடக் குறியீடோடு சேர்த்து அடுக்கியிருந்தேன். இ.சி.இ. படித்த எல்லோரும் அந்தப் பதினெட்டையும் படித்திருப்பார்கள். குறியீடு எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே யாருக்கும் எதையும் சொல்லாது. ஒரு பாடம் எப்போது அனுபவத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்றால், அதில் படித்த ஒரு பொருளை எடுத்து எங்கே வைத்தேன் என்று சொல்லும்போது. மீடியன் ஃபில்டர் என்பது பெரிய விஷயமில்லை. ஏழு அளவு எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வது. ஆனால் சராசரி எடுக்காமல் ஏன் நடு எண்ணை எடுத்தேன் என்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. ஒரே ஒரு எக்கோ டேங்கின் சுவரில் பட்டு வந்தாலும் சராசரி கெட்டுவிடும். நடு எண் அசையாது. அந்தப் பாடத்தில் நான் வாங்கிய மார்க் சுமார்தான். இருந்தாலும் மெயிலில் எழுதத் தகுதியான பாடம் அதுதான். அதிக மார்க் வாங்கிய பாடங்கள் எதுவும் டேங்குக்குள் இறங்கவில்லை.

'நாங்கள்' என்றும் 'நான்' என்றும் பிரித்து எழுதுவதற்கு முன்னால் பேட்ச் தோழர்கள் இருவரிடமும் பேசினேன். குழாய், மூடி வேலை அவன். போன் ஆப் தோழி. நிரலும் சோதனையும் நான். மூன்று பேரும் ஒத்துக்கொண்ட பிறகு மூன்று ரெஸ்யூமிலும் அதையே எழுதினோம். இதைச் செய்யாமல் விட்டால் நேர்முகத்தில் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். ஆப் எப்படிச் செய்தாய் என்று என்னைக் கேட்டிருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது.

வராத அளவைப் பற்றிய வரியையும் பி.சி.பி. தெரியாது என்ற வரியையும் வைக்க எனக்கு மனமே வரவில்லை. கல்லூரியில் கைடு பார்த்துவிட்டு எடுத்துவிடச் சொன்னார். வேலை கேட்கும்போது குறையைச் சொல்லக் கூடாது என்பது அவர் கருத்து. நான் இரவு முழுக்க யோசித்துவிட்டு வைத்தேன். தண்ணீர் தொட்டியில் சென்சார் வைத்துப் பார்த்தவர்களுக்கு நிரம்பும்போது அளவு ஆடும் என்பது தெரிந்திருக்கும். அதைச் சொல்லாமல் 'எல்லா நேரமும் 1.5 செ.மீ.க்குள்' என்று எழுதியிருந்தால் அந்த 1.5ஐயும் நம்பியிருக்க மாட்டார்கள். இப்போதும் எனக்கு இதில் சந்தேகம் இல்லை. ஆனால் இப்படி ஒன்றிரண்டுதான் சொல்ல வேண்டும். தெரியாததை எல்லாம் பட்டியல் போட்டால் அது விண்ணப்பமாக இருக்காது. வேலை அனுபவம் இல்லை என்பதையும் நான் எழுதவில்லை, அது ரெஸ்யூமைப் பார்த்தாலே தெரியும். அதை மறைக்கவும் முயலவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு வாரம் 'இன்பிளான்ட் ட்ரெய்னிங்' என்று ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார்கள். சுற்றிப் பார்த்தோம், சான்றிதழ் கொடுத்தார்கள். முதல் ரெஸ்யூமில் அதை அனுபவம் என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தேன். அங்கே என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லாததால் எடுத்துவிட்டேன்.

கடைசிப் பத்தி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் படிப்பவருக்கு உடனே எழும் கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன. எந்த மாதம், வாரத்துக்கு எத்தனை நாள், கல்லூரி விடுமா, எங்கிருந்து வருவாள். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கலாம். இதை எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. தூரத்திலிருந்து வருபவர்கள் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்கள் என்ற பயம் சின்னக் கம்பெனிகளுக்கு இருக்கிறது என்று அக்கா சொன்னார். ஸ்டைபண்டு பற்றி முதல் மெயிலில் கேட்கவில்லை. அதை அவர்கள் கூப்பிட்டுப் பேசும்போது கேட்பதுதான் சரி, கேட்கவும் செய்தேன்.

மெயில் போய் இரண்டாவது நாளே ஒரு பதில் வந்தது. ஒரே வரி: 'வீடியோ திறக்கவில்லை.' கூகுள் டிரைவில் ஏற்றியதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று மாற்றாமல் லிங்க் அனுப்பியிருக்கிறேன். என் போனில் என் கணக்கில் திறந்து பார்த்ததால் எனக்குத் திறந்தது. அன்றே மாற்றி, தோழியின் போனில், கூகுள் கணக்கில் நுழையாமலே திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அனுப்பினேன். ரெஸ்யூம் ஃபைலின் பெயரும் அப்போதுதான் கண்ணில் பட்டது: `resume_final_new2.pdf`. என் பெயர், படிப்பு, 'இன்டர்ன்' என்று மாற்றினேன். நூறு மெயில் வரும் இடத்தில் அந்த ஃபைலை ஒருவர் டவுன்லோடு செய்தால் அப்புறம் அது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு ஏழு வேலை நாள் அமைதி. எட்டாவது நாள் அதே மெயிலுக்குக் கீழேயே பதில் போல இரண்டு வரி எழுதினேன். 'நினைவூட்டுகிறேன்' என்று மட்டும் எழுத எனக்குப் பிடிக்கவில்லை, புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த வாரம் மழை பெய்துகொண்டிருந்தது. டேங்க் காற்று 27 டிகிரிக்கு வந்திருந்தது; அந்தக் குளிர்ச்சியிலும் திருத்தம் சரியாக வருகிறதா என்று மரக்கோலால் பத்து தடவை பார்த்து, 1 செ.மீ.க்குள் இருக்கிறது என்று எழுதினேன். அன்று மாலையே போன் வந்தது.

சனிக்கிழமை போனேன். கம்பெனியின் முதலாளியே இன்ஜினீயர். என் மெயிலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார், நிரம்பும்போது அளவு ஆடுகிறது என்ற வரிக்கு அடியில் பேனாவால் கோடு. முதலில் அதைப் பற்றித்தான் பேசினார். தொழிற்சாலைத் தொட்டிகளில் உள்ளே ஒரு நீளக் குழாயை இறக்கி, அதற்குள் தண்ணீர் அலையாமல் நிற்கும்படி செய்து அளப்பார்கள் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். ஸ்டில்லிங் வெல் என்பது அதன் பெயர். பிறகு நிரலைக் காட்டச் சொன்னார்.

"இந்த 20000 எங்கிருந்து வந்ததும்மா?" என்று கேட்டார்.

ஒலி போய்த் திரும்புவதால் பாதி, அதற்கு இரண்டால் வகுக்க வேண்டும். நேரம் மைக்ரோ நொடியில் வருவதால் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். விடை மீட்டரில் வராமல் செ.மீ.யில் வர நூறால் பெருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தால் 20000ஆல் வகுப்பது. சொன்னேன். தலையாட்டிவிட்டு, 331.3 எந்த வெப்பநிலைக்கு என்றார். பூஜ்ஜியம் டிகிரி என்றேன். அரை மணி நேரம் இப்படியே போனது. மெயிலில் எழுதிய வரிகளைத் தாண்டி அவர் எதையும் கேட்கவில்லை. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே இரண்டு கேள்வி இருந்தது. நல்லவேளையாக எதையும் நான் அழகுக்காக எழுதியிருக்கவில்லை. ஜனவரி முதல் வாரம் வரச் சொன்னார். மற்ற மூன்று மெயில்களில் ஒன்றுக்கு, இந்த வருடம் இடம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. இரண்டுக்கு வரவில்லை.

என் பேட்ச் பையன் இதைப் பார்த்துவிட்டு என் மெயிலை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றி அனுப்பலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் செய்தது வேறு. முதலில் அவன் இரண்டு அங்குலக் குழாய் வைத்தான். குழாயின் கீழ் விளிம்பிலேயே ஒலி பட்டுத் திரும்பி, டேங்க் காலியானாலும் நிறைந்தாலும் ஒரே எண் காட்டியது. அப்புறம் நான்கு அங்குலக் குழாய்க்கு மாறி, உள் விளிம்பை அரம் போட்டுச் சரிவாக்கி, வெயிலில் வளையாமல் இருக்க மூடியை மூன்று தடவை மாற்றிச் செய்தான். அதை எழுதச் சொல்லி இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எழுதினோம். அனுப்பியது சென்சார் கம்பெனிக்கு இல்லை. கருவிகளுக்கு வெளிப்பெட்டி வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு இடத்துக்கு. முதல் வாக்கியம்: 'உங்கள் பெட்டிகள் திறந்த வெயிலில் வைப்பவை என்று பார்த்தேன், நான் வெயிலில் வைத்த மூடி இரண்டு தடவை வளைந்தது, மூன்றாவது வளையவில்லை.'

வியாழக்கிழமை அவனுக்கு போன் வந்தது. வரும்போது அந்த மூன்று மூடிகளையும் எடுத்துவரச் சொன்னார்கள்.